பலகையில் யார் பெயர்?

தனியாக ஆலோசனைத் தொழில் தொடங்குகிறவர்கள் கணக்கு விஷயமாக என்னிடம் வருவார்கள். வரியைப் பற்றிக் கேட்பதைவிடப் பெயரைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். எனக்கும் அந்தப் பேச்சுதான் பிடிக்கும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலை பார்த்துத் தரும் ஒரு பெண்மணி. மல்லிகா என்று வைத்துக்கொள்வோம். ‘திருப்பூர் பி.எஃப். கன்சல்டன்சி’ என்று பலகை மாட்டினார். என்ன தொழில் என்று தெருவில் போகிறவருக்குக்கூடப் புரியும். வேலையும் வந்தது. பிறகு ஈரோட்டில் வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள், ஜி.எஸ்.டி. வேலையும் சேர்ந்தது. பெயர் மட்டும் திருப்பூரையும் பி.எஃப்.பையும் விடவில்லை.

இதற்குள் அடுத்த தெருவில் ஏறக்குறைய அதே பெயரில் இன்னொருவர் கடை விரித்தார். தடுக்க முடியுமா என்று கேட்டார் மல்லிகா. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம், 9ஆம் பிரிவு, ஊரையும் தொழிலையும் வெறுமனே சொல்லும் பெயருக்குப் பதிவு தராது. நெடுநாள் புழங்கி, அந்தப் பெயர் என்றாலே இவர்தான் என்று ஆகியிருந்தால் ஒழிய. சொந்தப் பெயருக்கும் முழு உரிமை இல்லை, கேளுங்கள்: இன்னொரு மல்லிகா நேர்மையாகத் தன் பெயரில் தொழில் நடத்தினால் 35ஆம் பிரிவு அவரைக் காக்கும்.

சொந்தப் பெயரில் நமக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அது இனிஷியல். ஊருக்கு இவர் கே. மல்லிகா. பான் அட்டையில் தகப்பனார் பெயர் விரிந்து மல்லிகா கந்தசாமி ஆகிவிடும். வங்கிக் கணக்கில் ஒன்று, பில்லில் இன்னொன்று என்றிருந்தால், பணம் அனுப்பும் கம்பெனியின் கணக்குப் பிரிவு நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும். பலகையில் எப்படி வேண்டுமானாலும் போடுங்கள். பில்லிலும் வங்கியிலும் பான் அட்டைப் பெயரே இருக்கட்டும்.

தொழிற்பெயர் வைத்தால் அந்தப் பெயரில் நடப்புக் கணக்கு வேண்டும். அதற்கு அதே பெயரில் இரண்டு சான்றுகளை வங்கி கேட்கும். இலவசமாகக் கிடைக்கும் உத்யம் பதிவு அதில் ஒன்றாகலாம். ஆனாலும் டி.டி.எஸ். பிடித்தம் உங்கள் பான் எண்ணில்தான் ஏறும். தனியுரிமைத் தொழிலில் சட்டத்தின் கண்ணுக்கு நீங்களும் தொழிலும் ஒரே ஆள்.

ஒரு ஆள் வேலைக்கு என் ஓட்டு சொந்தப் பெயருக்கே. வாடிக்கையாளர் எப்படியும் “மல்லிகா மேடத்தைக் கூப்பிடு” என்றுதான் சொல்வார். தொழில் இன்னது என்பதைக் கீழ்வரியில் போட்டால், நாளைக்கு வேலை மாறும்போது அந்த ஒரு வரியை மாற்றிக்கொள்ளலாம். நாலு பேரை வைத்து நடத்தவோ, பிற்பாடு விற்கவோ எண்ணமிருந்தால் மட்டும் சொந்தப் பெயர் வேண்டாம். வைத்தால், நீங்கள் அனுப்பும் பையனை ஏற்காமல் மேடமே வரட்டும் என்பார்கள் வாடிக்கையாளர்கள். அந்த மாதிரித் தொழிலுக்கு ஊரும் தொழிலும் இல்லாத புதுப்பெயர் ஒன்றைத் தேடுங்கள்.

நேரம் முடிகிறது. பலகைக்கு முன்பணம் கொடுக்குமுன் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்; அந்தத் தேடலுக்குக் கட்டணம் கிடையாது.