ஐந்து பாக்கெட் தைத்துக் காட்டச் சொல்லுங்கள்
(செங்கல்பட்டு நலக் கூட்டத்தில், தையல் யூனிட் நடத்தும் சகோதரர் ஆற்றிய உரை)

பெரியவர்களே, தாய்மார்களே, நம் பிள்ளைகள் பலர் தையல் சான்றிதழ் வாங்கிவிட்டு, தாம்பரம் மெப்ஸ் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு வேலை கேட்டுப் போகிறார்கள். அங்கே சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக மெஷினில் உட்காரச் சொல்வார்கள். அந்த அரை மணி நேரத்தில் என்ன பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். நானும் ஆள் எடுக்கிறவன்தான்.

முதலில் துணியே தர மாட்டோம். கோடு போட்ட காகிதம் தருவோம். நேர்கோடு, சதுரம், வட்டம். நூல் கோர்க்காமல், ஊசி மட்டும் கோட்டின் மேலேயே குத்திக்கொண்டு போக வேண்டும். கால் மெஷினில் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பவர் மெஷின் நிமிடத்துக்கு நாலாயிரம் தையலுக்கு மேல் ஓடக்கூடியது. பெடலை லேசாக அழுத்தினாலே பாய்ந்துவிடும். சதுரத்தின் மூலையில் கோட்டைத் தாண்டி ஊசி போயிருந்தால், கால் இன்னும் கட்டுப்படவில்லை என்று அர்த்தம். அது குற்றமில்லை. பத்து நிமிடம் பழக விட்டு இன்னொரு தாள் கொடுத்தால் பாதிப் பேர் சரியாகிவிடுகிறார்கள். பழக விடாமல் ஆளை அனுப்புவது முதலாளிக்குத்தான் நஷ்டம்.

பிறகு சட்டைப் பாக்கெட். ஒன்று போதாது, ஐந்து தைக்கச் சொல்வேன். போன சீசனில், ஸ்கூல் யூனிஃபார்ம் வேலைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். முதலாமவரின் முதல் பாக்கெட் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் பதினோரு நிமிடம். ஐந்தாவதும் பத்து நிமிடம். இரண்டாமவரின் முதல் பாக்கெட் கோணல். மூன்றாவது நேராக வந்தது, ஐந்தாவது நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஒன்றோடு நிறுத்தியிருந்தால் தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்திருப்பேன். அதனால் முதல் இரண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. (முதலாமவரை நான் திருப்பி அனுப்பவில்லை. அளவு கொடுத்துத் தைக்கும் கடைக்கு அந்தக் கை அருமையான கை. அப்படி ஒரு கடைக்குச் சொல்லிவிட்டேன்.)

தைத்ததைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடி நூல் கம்பி போல நேராகக் கிடந்தால் டென்ஷன் சரியில்லை. இழுத்தால் கழன்று வரும். ஒரு இஞ்சில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். சட்டைக்குப் பத்து முதல் பன்னிரண்டு இருக்கலாம். பாக்கெட்டின் மேல் மூலை இரண்டிலும் ரிவர்ஸ் தையல் போட்டிருக்கிறதா? பிள்ளைகள் கையை விட்டு இழுப்பது அங்கேதான்.

இன்னொன்றும் செய்வேன். கொடுக்கும் கட்டில் ஒரு சட்டைக்கு மட்டும், இரண்டு முன்பக்கமும் இடது பக்கமாகவே வைத்துவிடுவேன். சிலர் கவனிக்காமல் தைத்துத் தருவார்கள். அந்த இரண்டாவது பெண் மெஷினை நிறுத்தி, "பாய், ரெண்டும் இடது பக்கமா இருக்கே, வேற துண்டு இருக்கா?" என்று கேட்டார். வேகம் நாள்பட வரும். இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவருக்குச் சொல்லித் தருவது கஷ்டம்.

நான் சறுக்கியதையும் சொல்கிறேன். ஒருமுறை காட்டன் துணியில் டெஸ்ட் வைத்து ஆள் எடுத்தேன். வந்த ஆர்டரோ வழுக்குகிற பாலியஸ்டர். நாற்பது சட்டைக்கு காலர் சுருங்கிப் போய், பிரித்துத் தைத்தோம். எந்தத் துணியில் வேலையோ அதே துணியில்தான் டெஸ்ட் வைக்க வேண்டும். சமையலும் அப்படித்தான். மாமல்லபுரம் பக்கம் ஓட்டல் வைத்திருப்பவர்கள், ஒரு கிலோ பிரியாணி ருசித்துவிட்டு மாஸ்டரை எடுக்காதீர்கள். பத்து கிலோ அரிசிக்குத் தண்ணீரும் தம் நெருப்பும் வேறு கணக்கு. அடி பிடிப்பதும், நடுவில் அரிசி வேகாமல் நிற்பதும் பெரிய டெக்‌ஷாவில்தான் தெரியும். டைப்பிங்கில் இந்தக் குழப்பம் குறைவு. அரசுத் தேர்வில் ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45 என்று அளவே இருக்கிறது. ஆனால் அது அச்சடித்த தாளைப் பார்த்து அடிப்பது. உங்கள் ஆபீசில் கையெழுத்துக் கடிதம் அடிக்க வேண்டுமென்றால் அதையே கொடுத்துப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. டெஸ்ட் என்றால் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். ஒரு கம்பெனியில் "டெஸ்ட்" என்று சொல்லி நம் பிள்ளைகளை நாள் முழுக்கத் தைக்க வைத்து, வெறுங்கையோடு அனுப்பினார்கள். தைத்த துண்டு விற்பனைக்குப் போகிறதென்றால் அது வேலை, அதற்குப் பீஸ் ரேட் கேட்கலாம். எவ்வளவு நேரம், எத்தனை பீஸ் என்று உட்காரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

நம் டிரஸ்ட் வகுப்பில் இருப்பதெல்லாம் கால் மெஷின். ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு என் யூனிட்டில் இரண்டு பவர் மெஷின் சும்மா இருக்கும். டெஸ்டுக்குப் போகிற பிள்ளைகள் தாயாரோடு வந்து பழகலாம். கோடு போட்ட பழைய நோட்டு ஒன்று கொண்டு வந்தால் போதும்.