வெளிநாட்டு விவாகரத்து இங்கே செல்லுமா?
(பொட்டிப்புரத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

மகளுக்கு வெளிநாட்டு விவாகரத்துத் தீர்ப்பு வந்தா, உடனே எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க.

1975-ல் திருப்பதியில் இந்து முறைப்படி ஒரு திருமணம் நடந்தது. கணவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 90 நாள் குடியிருந்ததாகச் சொல்லி, 1980-ல் அங்கே விவாகரத்து வாங்கினார். மண உறவு மீள முடியாமல் முறிந்துவிட்டது என்பதே காரணம். மனைவி நேரில் போகல. எதிர்ப்பை மட்டும் எழுதி அனுப்பினார்.

1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. இந்து திருமணச் சட்டப்படி அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமும் இல்லை, அந்தக் காரணமும் அந்தச் சட்டத்தில் இல்லை.

ஆனா மனைவி விரும்பிப் போய் வழக்காடியிருந்தாலோ, சம்மதிச்சிருந்தாலோ கதை வேற. அதனால நோட்டீஸ் வந்தா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி 15100-க்குப் போன் பண்ணுங்க. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம்.