நடக்கிற பிள்ளைத்தாச்சி என்ன சாப்பிடணும்?



மாசமா இருக்கும்போது நடக்கணும்னு நர்சம்மா சொல்றாங்க. நாமும் நடக்கிறோம். ஆனா நடக்கிறதுக்குத் தக்க சாப்பிடுறோமா? அதைப் பத்திதான் பேச வந்தேன்.

முதல் மூணு மாசம் அதிகமா சாப்பிடத் தேவையில்லை. வாந்திக்கு நடுவில் முடிஞ்சதைச் சாப்பிட்டால் போதும். நாலாம் மாசத்திலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி கூடுதலா வேணும். இது ரெண்டு ஆள் சாப்பாடு இல்லை. ஒரு கைப்பிடி வறுத்த மல்லாட்டை, ஒரு வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம், இவ்வளவுதான். அரைமணி நேரம் நடந்தால் இன்னும் 100 கலோரி செலவாகும். அதுக்கு ஒரு டம்ளர் காய்ச்சின பால் சரியாப் போகும். நாற்று நடுகிறவங்களும் முந்திரிக்கொட்டை பொறுக்குகிறவங்களும் அந்த வேலையையும் கணக்கில் சேர்த்துக்கணும்.

என் நாத்தனார் அஞ்சாம் மாசத்தில் விடியக்காலம் வெறும் வயித்தோடு நடந்தாள். வந்ததும் டீ குடித்து, அதோடயே இரும்புச்சத்து மாத்திரையையும் போட்டாள். நடுவழியில் கண்ணு இருட்டிக்கிட்டு வந்தது. டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 9. மாசமா இருக்கிறவங்களுக்கு 11-க்குக் குறையக்கூடாது. டாக்டர் சொன்னபடி கொஞ்ச நாள் நடையை நிறுத்தி, வழக்கத்தை மாத்தினோம். டீ, மாத்திரையிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. அதனால மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ இல்லை. மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போட்டாள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு நேரத்துக்கு மாத்தினாள். டாக்டர் மறுபடி நடக்கலாம்னு சொன்ன பிறகு, கிளம்புறதுக்கு அரைமணி முன்னாடி வாழைப்பழமும் தண்ணியும், வந்ததும் முட்டையும் சாப்பிட்டாள். மயக்கம் வரவில்லை.

நடக்கும்போது பக்கத்தில் வர்றவங்களோட பேச முடியணும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்னால் வேகத்தைக் குறைங்க. உச்சி வெயிலில் நடக்க வேண்டாம்.

நம்ம பண்ருட்டிப் பலாச்சுளையைப் பயந்து ஒதுக்க வேண்டாம். சர்க்கரை இல்லாதவங்க நாலு சுளை சாப்பிடலாம். சர்க்கரை இருக்கிறவங்க எவ்வளவுன்னு டாக்டரைக் கேட்டுக்கணும். பச்சை முட்டை, சரியா வேகாத கறி, காய்ச்சாத பால் வேண்டாம்.

ரத்த அழுத்தம், ரெட்டைப் பிள்ளை, நஞ்சு கீழே இருக்கிறது, கடுமையான ரத்தசோகை இருக்கிறவங்க, டாக்டரைக் கேட்காமல் நடையோ உடற்பயிற்சியோ தொடங்கக் கூடாது. நடக்கும்போது ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, உடனே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்க. விடியட்டும்னு காத்திருக்காதீங்க.