கெட்டிலில் படியும் வெள்ளைக் கறை: வினிகர் போதும், ஆசிட் வேண்டாம்

(அறக்கட்டளையின் மாதாந்திர மகளிர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



தாய்மார்களே, சகோதரிகளே,

பள்ளிவாசலில் ஒளு செய்யும் இடத்துக் குழாய்களை அண்மையில் மாற்றினோம் அல்லவா? பழைய குழாய்கள் தேய்ந்துபோனதால் மாற்றவில்லை. ரமலானுக்கு முன் சுத்தம் செய்ய வந்த பிள்ளைகள், வெள்ளைக் கறை போக வேண்டுமென்று கழிவறைக்கு ஊற்றும் ஆசிடைக் குழாய்களின் மேல் ஊற்றிவிட்டார்கள். கறை போயிற்று. அதோடு குழாயின் பளபளப்பான குரோம் பூச்சும் போயிற்று. அது மட்டுமென்றால் பணச் செலவோடு முடிந்திருக்கும். அன்று காலையில்தான் தரையில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தோம். ஆசிட் வழிந்து அதில் பட்டதும் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பியது. பிள்ளைகள் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள். ஒரு பையனை அன்று இரவு மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. இப்போது நலமாக இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

அந்தக் கறையை அடுப்படியில் இருக்கும் வினிகரைக் கொண்டே எடுத்திருக்கலாம். அதை எப்படிச் செய்வது என்றுதான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அந்தக் கறை என்ன என்று பார்ப்போம். நாம் அதை "உப்பு" என்கிறோம். ஆனால் அது சமையல் உப்பு அல்ல. சமையல் உப்பாக இருந்தால் தண்ணீர் ஊற்றியவுடன் கரைந்துவிடும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. அதுதான் நம் போர் தண்ணீரில் வருகிறது. தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். வாயு போனபின் சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கத் தண்ணீரால் முடியாது. அது கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லின் பொருளாகவே, கெட்டிலின் அடியில் படிந்துவிடும். குழாய் முனையில் கொதிநிலை இல்லை. அங்கே சொட்டு சொட்டாகத் தங்கும் நீர் உலர்ந்து அதே பொருளை விட்டுப்போகிறது.

இந்தப் பொருளுக்குப் புளிப்பு ஆகாது. புளிப்புப் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். அதனால் கறையை எடுக்குமுன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். அடியிலிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டி எடுத்து ஒரு கரண்டி வினிகரில் போடுங்கள். சிறு குமிழிகள் கிளம்பினால் அது சுண்ணாம்புப் படிவு, நான் சொல்லும் முறையில் போகும். குமிழியே வரவில்லை என்றால் அது வேறு வகைப் படிவு. புளிப்பில் ஊறவைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புளிப்பு என்றதும் பல தாய்மார்களுக்கு எலுமிச்சம்பழம் நினைவுக்கு வரும். தவறில்லை. ஆனால் ஒரு பழச் சாற்றில் சுமார் ஒன்றரை கிராம் சிட்ரிக் அமிலம்தான் இருக்கும். ஒரு கெட்டிலைச் சுத்தம் செய்யப் பத்துப் பழம் பிழிய வேண்டியிருக்கும். அதைவிட மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்றோ சிட்ரிக் ஆசிட் என்றோ கேட்டு வாங்குங்கள். சீனி போன்ற வெள்ளைப் படிகமாக இருக்கும். சீனி போல இருப்பதால்தான் டப்பாவின் மேல் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும் என்கிறேன். அது கிடைக்காவிட்டால் வெள்ளை வினிகர். அதன் லேபிளில் பெரும்பாலும் 4 அல்லது 5 சதவீதம் என்று போட்டிருக்கும். அதுவே போதும்.

நம் அலுவலகக் கெட்டிலை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றரை லிட்டர் பிடிக்கும் ஸ்டீல் கெட்டில். ஆறு மாதமாக யாரும் கவனிக்கவில்லை. முன்பைவிடக் கொதிக்க நேரமானது, இரைச்சலும் கூடியது. தேநீரின் மேல் வெள்ளைச் செதில்கள் மிதந்தன. பிறகுதான் திறந்து பார்த்தோம். அடி முழுவதும் சாம்பல் வெள்ளையாக, விரலால் தடவினால் உப்புத்தாள் போல இருந்தது. அந்தச் செதில்கள் வயிற்றுக்குள் போனால் விஷமில்லை. ஆனால் படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் அடித்தகட்டிலேயே தங்கி, கெட்டில் சீக்கிரம் கெட்டுவிடும்.

நேற்று செய்ததைச் சொல்கிறேன். கெட்டிலில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினோம். கை பொறுக்காத அளவு சூடானதும், கொதிக்குமுன்பே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டோம். பிறகு ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம், எலுமிச்சை உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். மொத்தமாகக் கொட்டினால் நுரை பொங்கி வழியும், மின் இணைப்புப் பக்கம் இறங்கிவிடும்.

கொதிக்க விடாததற்குக் காரணம் இருக்கிறது. எலுமிச்சை உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் கால்சியம் சிட்ரேட் என்ற பொருள் உண்டாகும். அது சூடு கூடக்கூடக் கரைவது குறையும். பலரும் நன்றாக வேலை செய்யட்டும் என்று எலுமிச்சை உப்பை இரண்டு மடங்கு போட்டுக் கொதிக்க வைத்துவிடுகிறார்கள். பழைய படிவு போன இடத்தில் வெள்ளை மாவு போல ஒன்று புதிதாகப் படிந்துவிடும். பிறகு அதைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. அளவும் சூடும் மிதமாக இருக்கட்டும்.

20 நிமிடத்தில் குமிழி நின்றுவிட்டது. அடியில் இன்னும் படிவு இருந்தது. குமிழி நின்றால் ஒன்று படிவு தீர்ந்திருக்க வேண்டும், அல்லது புளிப்பு தீர்ந்திருக்க வேண்டும். எது என்று அறிய அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டோம். நன்றாக நுரைத்திருந்தால் புளிப்பு மிச்சம், இன்னும் ஊறவிடலாம். நுரைக்கவேயில்லை. ஆகவே அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே அளவில் மறுபடி ஒரு முறை செய்தோம். இரண்டாம் முறை அரை மணி நேரத்தில் ஸ்டீல் தெரிந்தது. ஓரத்தில் இருந்த கொஞ்சத்தைத் துணியால் துடைத்தோம். கம்பிப் பிரஷ் போட்டுச் சுரண்ட வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் படிவு இன்னும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு மூன்று முறை அலசி, ஒரு தடவை நல்ல தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டினோம். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. முன்பு ஒரு தடவை எங்கள் வீட்டில் ஊறவைத்திருந்த கெட்டில் தண்ணீரைக் கவனிக்காமல் தேநீர் போட்டேன். பால் ஊற்றியவுடன் திரிந்துவிட்டது. அதிலிருந்து ஊறும் கெட்டிலின் மேல் ஒரு சீட்டு வைத்துவிடுகிறோம்.

வினிகரில் செய்வதானால் பாதி வினிகர், பாதி தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். வாசனை போக இன்னும் இரண்டு முறை அலச வேண்டும். சிலர் வினிகரோடு சமையல் சோடாவையும் சேர்த்துக் கொட்டுகிறார்கள். பொங்குவதைப் பார்த்தால் வேலை நடக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் ஒன்று புளிப்பு, மற்றது அதை முறிப்பது. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும், கறைக்கு எதுவும் மிஞ்சாது.

இனிக் குழாய். குழாயைத் தண்ணீரில் முக்க முடியாது. ஒரு பழைய பருத்தித் துணியை வினிகரில் நனைத்துக் கறை உள்ள இடத்தில் சுற்றி, அது காயாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையைப் போட்டு ரப்பர் வளையம் மாட்டுங்கள். 20 நிமிடம் கழித்து அவிழ்த்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். போகவில்லை என்றால் மறுநாள் இன்னொரு முறை. இரவு முழுவதும் கட்டிவைக்காதீர்கள். குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அவற்றின் வழியே புளிப்பு உள்ளே இறங்கி அடியில் உள்ள பித்தளையை அரிக்கும். பூச்சில்லாத பித்தளைக் குழாயானால் நேரத்தை இன்னும் குறையுங்கள். நிறம் இளஞ்சிவப்பாக மாறினால் உலோகமே அரிபடுகிறது என்று பொருள், உடனே கழுவிவிடுங்கள்.

வாஷ்பேசின் குழாயில் தண்ணீர் மெலிந்து வருகிறதா? அல்லது பக்கவாட்டில் சிதறுகிறதா? முனையில் ஒரு சிறு சல்லடை இருக்கும். துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் துண்டுகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வாஷரை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மற்றதை ஒரு கிண்ணம் வினிகரில் அரை மணி நேரம் போட்டாலே துளைகள் திறந்துவிடும். பிளம்பரைக் கூப்பிடுமுன் இதைச் செய்து பாருங்கள்.

துணியிலிருந்து சொட்டுவது எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். பளிங்கும் மொசைக்கும் கறையைப் போலவே சுண்ணாம்புப் பொருள் கொண்டவை. புளிப்புக்குக் கறை வேறு, தரை வேறு என்று தெரியாது. பட்ட இடம் மங்கிவிடும், மீண்டும் பாலிஷ்தான் போட வேண்டும். கீழே ஒரு பேசினை வைத்துவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்தை இதில் ஊறப்போட வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரும் பிளீச் திரவமும் உள்ள இடத்தில் எந்தப் புளிப்பும் கூடாது. வினிகர் பட்டாலும் குளோரின் வாயு வரும். முன்பு பிளீச் போட்ட இடமானால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மறுநாள் தொடங்குங்கள். தவறிப்போய்க் கலந்து நெடி வந்துவிட்டால், அதைச் சுத்தம் செய்ய நிற்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திறந்த வெளிக்கு வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கெட்டிலை இங்கே மேசையில் வைத்திருக்கிறேன், கையில் எடுத்துப் பார்க்கலாம். முதல் முறை கொட்டிய தண்ணீரையும் ஒரு பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன். துணுக்குச் சோதனை செய்து பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக் கெட்டிலிலிருந்து கொஞ்சம் சுரண்டி, காகிதத்தில் மடித்து வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். வினிகர் அங்கே இருக்கும்.

வஸ்ஸலாம்.