விழா நிகழ்ச்சிகளின் பெயர்கள்: முன்சொல்லும் பின்சொல்லும்

கெடாவின் பழம்பெயர் கடாரம். அதனால் சுங்கைப்பட்டாணியில் நிகழும் கல்லூரி விழாவொன்றில் ‘கடாரப் பேச்சு’, ‘கடாரக் கதை’, ‘கடார இசை’ எனப் போட்டிகளுக்குப் பெயரிட மாணவர் விரும்பலாம். ஆனால் ஒலிபெருக்கியில் அவை அனைத்தும் ஒன்றுபோலவே தொடங்கும், கேட்போர் மயங்குவர்.

தமிழ்த் தொகைச்சொல்லில் இனத்தைக் காட்டுவது பின்சொல். அவ்வினத்துள் வேறுபடுத்துவது முன்சொல். கவியரங்கம், கருத்தரங்கம் என்பன அவ்வாறு அமைந்தவை. ஆகவே உறவைப் பின்னும் வேறுபாட்டை முன்னும் வைத்தல் தகும்: பேச்சுக்களம், இசைக்களம், வினாக்களம்.

இங்கும் ஓர் இடர் உண்டு. ‘கதைக்களம்’ என்பது கதை நிகழும் இடத்தைக் குறிக்கும் வழக்குச்சொல். எனவே சிறுகதைப் போட்டியைப் ‘புனைவுக்களம்’ எனலாம். நிகழ்ச்சிநிரலைக் காணாத ஒருவரிடம் பெயரை மட்டும் சொல்லுங்கள். போட்டி யாதென அவர் உணர்ந்தால் பெயர் பொருந்திற்று.