பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகள்
சேலம், நாமக்கல் சமவெளியில் இளவயது விவாகமும் பெண்களின் பள்ளிப்படிப்பும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை நிகழ்த்த வருபவர் ஒரு பொதுக் காரியத்தை எடுத்துக்கொண்டு அதன் குறையோடு பரிகாரத்தையும் எடுத்துரைக்கவேண்டும் என்பது அறக்கட்டளையின் நிபந்தனை. ஆதலால் இளவயது விவாகத்தின் தீமைகளை நான் விரித்துரைக்கப் போவதில்லை. பெண்பிள்ளை எந்தக் கட்டத்தில் பள்ளியை விட்டு நிற்கிறாள், அந்தக் கட்டத்தில் அரசாங்கத்தின் பணமும் சட்டமும் எங்கே இருக்கின்றன என்ற ஒரு விசாரணையோடு அமைகிறேன்.

1. வயதுக் கணக்கு

ஐந்து வயது நிரம்பி ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் சேரும் பெண் தடையின்றிப் படித்துவந்தால், பத்தாம் வகுப்புப் பரீட்சையை 15 வயதை ஒட்டியும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை 17 வயதை ஒட்டியும் எழுதி முடிப்பாள். 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டத்தில் 14 என்றிருந்த பெண்ணின் விவாக வயது, 1949இல் 15 ஆகி, 1978இல் 18 ஆயிற்று. ஆகவே சட்டத்தின் வயது உள்ளபடி காக்கப்படுமானால், பன்னிரண்டாம் வகுப்பைக் கல்யாணம் குறுக்கிட இடமே இல்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 18 நிரம்புமுன் மணமானவர் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 23.3, தமிழ்நாட்டில் 12.8. தேசத்தோடு ஒப்பிட நாம் மேலான நிலையில் இருக்கிறோம் என்பது மெய்யே. ஆயினும் எட்டுப் பேரில் ஒருத்தி என்பது ஆறுதல் கொள்ளத்தக்க கணக்கன்று.

2. பள்ளி முதலில் நிற்கிறது, கல்யாணம் பிறகு வருகிறது

கல்யாணத்தால் படிப்பு நின்றது என்று பொதுவாகச் சொல்கிறோம். பல வீடுகளில் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறியில் கூலிக்கு நெய்யும் ஒரு தம்பதியை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீராதிருக்கிறது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஷிப்டில் தறிப்பட்டறையில் நிற்கிறார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற மகள் பகலெல்லாம் வீட்டில் தனியே இருக்கிறாள். "வயசுக்கு வந்த புள்ளைய எத்தன நாளைக்கு வீட்டுல வச்சிருப்பீங்க?" என்று உறவினர் கேட்கிறார்கள். யாரையேனும் விரும்பிவிடுவாளோ, அதிலும் வேறு ஜாதிப் பையனாயிருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பெற்றோரை வாட்டுகிறது. தாய்மாமனோ அத்தை மகனோ முறைக்காரனாய் இருந்துவிட்டால், வரன் தேடும் செலவும் இல்லை, சீர் பற்றிய பேரமும் குறைவு. இங்கே அந்தப் பெண்ணைப் பள்ளியிலிருந்து பிரித்தது தாலியன்று, தோற்ற பரீட்சையே. காலியாகிவிட்ட அவளுடைய நாட்களைத் தாலி பின்னர் வந்து நிரப்பியது.

அந்தக் காலியிடத்தை நிரப்ப இன்னொரு வழியும் மேற்குத் தமிழகத்தில் எழுந்தது. நூற்பாலைகள் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு வேலை வாங்கி, முடிவில் ஒரு தொகையைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லி அழைத்துச் சென்ற ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்றே பெயர் வழங்கிற்று. கல்யாணச் செலவுக்காகப் பள்ளிப்பருவத்தை அடகுவைக்கும் இந்த முறை, விவாகத்தைச் சில காலம் ஒத்திவைத்திருக்கலாம். படிப்பை மீட்டுத் தரவில்லை.

3. பணம் எந்த நாளில் கைக்கு வருகிறது

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம் 1989இல் தொடங்கியபோது, எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் தந்தது. பிற்காலத்தில் பத்தாம் வகுப்பு நிபந்தனையாயிற்று. 2011இல் அவ்வகுப்பினருக்கு 25,000 ரூபாய், பட்டம் பெற்றவருக்கு 50,000 ரூபாய், இவற்றோடு தாலிக்கு 4 கிராம் பொன் என்று வகுக்கப்பட்டது. 2016இல் பொன் 8 கிராம் ஆயிற்று. பெண்ணுக்கு 18 நிரம்பியிருக்கவேண்டும் என்ற விதி வயதுக்குக் காவலாயிருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் படிப்புக்கான நிபந்தனை 15 வயதிலேயே நிறைவேறிவிட, பணம் 18இல் வந்ததனால், பட்டம்வரை போக எண்ணாதவள் இடைப்பட்ட ஆண்டுகளில் வகுப்பில் இருக்கவேண்டும் என்பதற்கு அத்திட்டத்தில் ஒரு தூண்டுதலும் இருக்கவில்லை.

இவ்வநுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. ஹரியாணாவில் 1994இல் தொடங்கிய ஒரு திட்டம், பெண்குழந்தையின் பெயரில் முதலீடு செய்து, 18 வயதில் விவாகமாகாதிருந்தால் 25,000 ரூபாய் தருவதாக உறுதியளித்தது. அதை ஆராய்ந்தவர்கள், பல குடும்பங்கள் அத்தொகையைச் சீர்ப்பணமாகவே கருதின என்றும், 18 கடந்தவுடன் கல்யாணத்தை முடித்தன என்றும் கண்டார்கள். பங்களாதேசமோ அதே 1994இல் கிராமப்புற உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு வேறுவகையான உதவித்தொகையை விரித்தது. நூற்றுக்கு 75 நாள் வருகை, போதிய மதிப்பெண், விவாகமாகாதிருத்தல் என்னும் மூன்று நிபந்தனைகளோடு, படிக்கும் காலத்திலேயே பணம் வந்தது.

நம் அரசும் 2022இல் திருமண உதவியைக் கல்வி உதவியாக மாற்றி, புதுமைப்பெண் என்ற பெயரில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கிற்று. மணமேடையிலிருந்து வகுப்பறைக்குப் பணத்தை நகர்த்திய இம்மாற்றம் மிக்க நியாயமானது. எனினும் அது பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி வந்தவளுக்கே கிடைக்கிறது. பதினோராம் வகுப்பின் வாசலில் நின்றுவிட்ட பெண்ணுக்கு அது எட்டாத தொலைவில் உள்ளது.

4. சட்டம் எப்போது வந்து சேர்கிறது

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் மாவட்டச் சமூகநல அலுவலர். முன்னதாகத் தகவல் கிடைத்தால் நீதித்துறை நடுவரிடம் தடையாணை பெறலாம். அத்தடையை மீறி நடந்த விவாகம் செல்லாது. நடந்து முடிந்தபிறகு நிலைமை வேறு: அந்த விவாகம் தானாகவே ரத்தாவதில்லை. மணமான பெண் 20 வயதுக்குள் நீதிமன்றத்தை நாடி ரத்துச் செய்துகொள்ளவேண்டும். இரண்டாண்டுவரை சிறைத்தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் தகப்பன்மீதும் வயது நிரம்பிய மணமகன்மீதும் பாயலாம். சொந்தத் தகப்பனை எதிர்த்து வழக்காட எந்தப் பதினேழு வயதுப் பெண் துணிவாள்? மேலும், போக்சோ சட்டத்துக்கு அஞ்சி, கருவுற்ற சிறுமியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லவே குடும்பம் தயங்குகிறது. ஆகவே கல்யாணத்துக்கு முந்திய ஒரு தகவல், பிந்திய பத்து வழக்குகளைவிடப் பயனுள்ளது.

5. செய்யத்தக்கவை

முதலாவது, புதுமைப்பெண் உதவியைப் பதினோராம் வகுப்பிலிருந்தே, வருகைப்பதிவோடு பிணைத்து, மாதந்தோறும் தரவேண்டும். ஒரு பெண்ணுக்கு இரண்டு பள்ளியாண்டில் பத்துப்பத்து மாதம் என்று கொண்டால் ஆகும் செலவு 20,000 ரூபாய். பழைய திட்டத்தில் தாலிப்பொன் நீங்கலாகக் கொடுத்த தொகையினும் இது குறைவு.

இரண்டாவது, பத்தாம் வகுப்பில் தோற்ற பெண்ணின் வீட்டுக்குத் தேர்வு முடிவு வந்த அந்த வாரத்திலேயே பள்ளியிலிருந்து ஆள் செல்லவேண்டும். துணைத்தேர்வை அவளை எழுதவைப்பதே விவாகத் தடுப்பில் முதற்படி; அவளுக்குக் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர் அவ்வகையில் தடுப்பு அலுவலருக்குச் சமானமானவர்.

மூன்றாவது, பள்ளி தன் அடையாளங்களைத் தானே பார்க்கவேண்டும். கோடை விடுமுறை முடிந்து திரும்பாமை, ஆண்டு நடுவில் மாற்றுச் சான்றிதழ் கேட்டல், தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களையொட்டித் தொடர்ந்து வராமை ஆகியவற்றைத் தலைமையாசிரியர் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதியனுப்புவது கட்டாயமாகவேண்டும். அக்குழுவின் தலைவரான ஊராட்சித் தலைவரே முகூர்த்தத்துக்கு அழைக்கப்படும் உறவினராயும் இருப்பதுண்டு. ஆதலால் அதன் பிரதியொன்று சமூகநல அலுவலருக்கு நேரே போகவேண்டும்.

நான்காவது, மணமாகிவிட்டவளுக்குப் பள்ளிக்கதவு அடைபடலாகாது. தனித்தேர்வராக எழுத வழியுண்டு என்பதோடு நில்லாமல், அதே வகுப்பில் அவளை மறுபடி அமரவைக்க ஐயத்துக்கிடமில்லாத ஓர் உத்தரவு வேண்டும்.

இவற்றுள் ஒன்றையே இவ்வாண்டு செய்ய இயலும் என்றால், முதலாவதைத் தேர்ந்தெடுக்கும்படி வேண்டுவேன். மற்ற மூன்றும் கண்காணிப்பைச் சார்ந்தவை. கண்காணிப்பு அலுவலர் மாறினால் தளரும். மாதந்தோறும் பெண்ணின் கணக்கில் வந்து சேரும் பணமோ, அவள் பள்ளிக்குப் போவது வீட்டுக்கும் இலாபம் என்பதைத் தறிப்பட்டறையில் நிற்கும் பெற்றோருக்கு யாரும் எடுத்துச் சொல்லாமலே விளங்கவைக்கும்.