பார்க்கிறாங்களா, தொடுறாங்களா, வாங்குறாங்களா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆன்லைன் விற்பனை பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை ஆன்லைன் விற்பனையைப் பத்திப் பேசச் சொன்னாங்க. அதுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கறேன். ஒரு பொருள் ஓடலைன்னா, கோளாறு எந்த இடத்தில் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் அது.

போன வருஷம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அவங்க மூணு பொருளை ஆன்லைன்ல போட்டிருந்தாங்க. நெல்லிக்காய் ஊறுகாய் நல்லா போச்சு. சத்துமாவும் கோரைப்பாயும் போகலை. ஊக்குநர் அக்கா, "விலை ஜாஸ்தி, ரெண்டுலயும் 30 ரூபா குறைச்சிடுவோம்"னு தீர்மானம் எழுத நோட்டைத் திறந்துட்டாங்க. இன்னொரு தங்கச்சி, "வேணாம்க்கா, உள்கடன் எடுத்து விளம்பரம் போடுவோம்"னு சொன்னாங்க. அரைக் கிலோ சத்துமாவு பாக்கெட் 190 ரூபாய். தானியம், வறுக்கிற கூலி, அரவை, பாக்கெட், தளத்தின் கமிஷன் எல்லாம் போக அதில் நிற்கிறது 32 ரூபாய். 30 குறைத்தால் மிச்சம் ரெண்டு ரூபாய். அதனால், "எழுதுறதுக்கு முன்னாடி கணக்கைப் பார்ப்போம்"னு சொன்னேன்.

அந்தக் கணக்கு என்னன்னு சொல்றேன். நாம கண்காட்சியில் கடை போடுறோம் இல்லையா? கடையைத் தாண்டி ஆயிரம் பேர் போவாங்க. அதுல சில பேர் நின்னு, பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பாங்க. அவங்களில் சில பேர் காசு கொடுத்து வாங்குவாங்க. ஆன்லைன்லயும் இதே மூணு படிதான். நம்ம பொருள் ஒருத்தர் போன் திரையில் வந்து போனா அது ஒரு இம்ப்ரெஷன். அதைத் தொட்டு நம்ம பக்கத்துக்குள்ள வந்தா ஒரு கிளிக். வாங்கிட்டா ஆர்டர். விற்பனையாளர் கணக்குக்குள் போனால், அறிக்கைப் பகுதியில் இந்த மூணு எண்ணும் இருக்கும். ஒரே அறிக்கையில் இருந்து, ஒரே 30 நாளுக்கு மூணையும் எடுத்து எழுதணும். கிளிக்கை ஒரு மாசத்திலும் ஆர்டரை இன்னொரு மாசத்திலும் எடுத்தால் கணக்கு பொய் சொல்லும்.

அந்தக் குழுவோட 30 நாள் கணக்கு இது:

ஊறுகாய்: 4,000 இம்ப்ரெஷன், 80 கிளிக், 8 ஆர்டர்.
சத்துமாவு: 8,000 இம்ப்ரெஷன், 40 கிளிக், 4 ஆர்டர்.
கோரைப்பாய்: 3,000 இம்ப்ரெஷன், 90 கிளிக், 1 ஆர்டர்.

இப்ப ரெண்டே வகுத்தல்தான். கிளிக்கை இம்ப்ரெஷனால் வகுத்து நூறால் பெருக்கினால், நூறு தடவை தெரிஞ்சதில் எத்தனை தடவை தொட்டாங்கன்னு வரும். ஆர்டரைக் கிளிக்கால் வகுத்து நூறால் பெருக்கினால், உள்ளே வந்த நூறு பேரில் எத்தனை பேர் வாங்கினாங்கன்னு வரும்.

ஊறுகாய்க்கு நூறுக்கு 2 பேர் தொட்டிருக்காங்க. தொட்டவங்களில் நூறுக்கு 10 பேர் வாங்கியிருக்காங்க. ஓடுற பொருள் அதுதான், அதனால அதையே அளவுகோலா வச்சுக்கிட்டோம். வெளியே யாரோ சொல்ற சராசரியைவிட, நம்ம கடையில் ஓடுற பொருளோடு ஒப்பிடுறது நல்லது. ஒவ்வொரு பொருளுக்கும் தளத்துக்கும் அளவு மாறும்.

சத்துமாவைப் பாருங்க. தொட்டவங்களில் நூறுக்கு 10 பேர் வாங்கியிருக்காங்க. ஊறுகாய் மாதிரியே இருக்கு. அப்ப உள்ளே வந்தவங்களுக்கு நம்ம பக்கமும் பிடிச்சிருக்கு, விலையும் ஒத்து வந்திருக்கு. ஆனா நூறுக்கு அரைப் பேர்தான் தொட்டிருக்காங்க, அதாவது 200 தடவை தெரிஞ்சு ஒரே தடவை. கோளாறு வாசலில் இருக்கு.

பாய்க்கு நேர் எதிர். நூறுக்கு 3 பேர் தொட்டிருக்காங்க, ஊறுகாயைவிட மேல். ஆனா உள்ளே வந்த 90 பேரில் ஒருத்தர்தான் வாங்கினார். இங்க கோளாறு கடைக்கு உள்ளே.

ஒரே மாதிரி "போகலை"ன்னு நாம சொன்ன ரெண்டு பொருளுக்கும் நோய் வேற. அப்ப மருந்தும் வேறதானே?

வாசலில் கோளாறுன்னா, வாங்குறவங்க வாசலில் எதைப் பார்க்கிறாங்களோ அதை மட்டும் பார்க்கணும். தேடும்போது போன்ல தெரியறது சின்னப் படம், பேரில் முதல் சில வார்த்தை, விலை, நட்சத்திரம், அவ்வளவுதான். நாங்க ஒரு போனை எடுத்து சத்துமாவுன்னு தேடினோம். பக்கத்தில் இருந்த அரைக் கிலோ பாக்கெட்டுகள் 180-ல் இருந்து 220 ரூபாய் வரை இருந்தது. நம்ம 190 ஒண்ணும் உறுத்தலை. விலை வாசலிலும் தெரியும் என்பதால் இதை முதலில் பார்த்து விடுவது அவசியம். அடுத்தது படம். எவர்சில்வர் தட்டில் மாவைக் கொட்டி, பின்னாடி குழு பேனரை வச்சு எடுத்திருந்தாங்க. பெரிசா பார்க்கும்போது அழகாத்தான் இருந்தது. ஆனா திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கினப்போ ஏதோ பழுப்பா தெரிஞ்சது, பாக்கெட்டே தெரியலை. பேரோ குழுவின் பேரில் ஆரம்பிச்சது. சத்துமாவுங்கிற வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே திரையில் புள்ளி புள்ளியா வெட்டுப்பட்டுடுச்சு. நம்ம குழு பேரு நமக்குப் பெருமைதான். ஆனா அதைத் தேடி யாரும் வர மாட்டாங்க, சத்துமாவைத் தேடித்தான் வருவாங்க.

முதலில் படத்தை மட்டும் மாத்தினோம். வெள்ளைத் துணி விரிச்சு, பகல் வெளிச்சத்தில், பாக்கெட் சட்டம் நிறைய தெரியற மாதிரி ஒரு தங்கச்சி போன்லயே எடுத்தாங்க. ரெண்டு வாரத்தில் 4,000 இம்ப்ரெஷனுக்கு 52 கிளிக் வந்தது, நூறுக்கு 1.3. அதுக்கு அப்புறம் பேரை மாத்தினோம். "சிறுதானிய சத்துமாவு 500 கிராம்" முன்னாடி, குழு பேரு கடைசியில். அடுத்த ரெண்டு வாரத்தில் 4,000-க்கு 76 கிளிக், 7 ஆர்டர். விலையில் ஒரு ரூபாயும் குறைக்கலை.

பாய்க்கு வருவோம். இங்க படத்தை மாத்தியோ விளம்பரம் போட்டோ பிரயோஜனம் இல்லை. விளம்பரத்துக்கு ஒவ்வொரு கிளிக்குக்கும் நாம காசு கட்டணும். உள்ளே வர்ற 90 பேரில் 89 பேர் திரும்பிப் போற கடைக்குக் காசு கொடுத்து ஆள் கூட்டி வந்தா, உள்கடன்தான் கரையும்.

அதனால வாங்குறவங்க மாதிரியே பக்கத்தைத் திறந்து, பணம் கட்டுற இடம் வரைக்கும் போய்ப் பார்த்தோம். நீளம் அகலம் எங்கேயும் போடலை. தளத்தில் வந்திருந்த கேள்வியைத் திறந்தா, மூணு பேர் "எத்தனை அடி?"ன்னு கேட்டிருக்காங்க, யாரும் பதில் சொல்லலை. ரெண்டாவது, 450 ரூபாய் பாய்க்கு அனுப்பும் செலவு 140 ரூபாய்னு கடைசிப் படியில்தான் தெரிஞ்சது.

முதலில் அளவைப் போட்டோம். 6 அடிக்கு 3 அடின்னு எழுதி, ஒருத்தர் அதில் படுத்திருக்கிற படமும் சேர்த்தோம். அடுத்த 30 நாளில் 80 கிளிக்குக்கு 4 ஆர்டர் வந்தது, நூறுக்கு 5. பிறகு அனுப்பும் செலவைப் பார்த்தோம். பாய் ஒண்ணரைக் கிலோதான். ஆனா கூரியர்ல பார்சலோட பருமனுக்கும் எடை போடுவாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கிறது வழக்கம். இந்த எடையும் நிஜ எடையும் எது அதிகமோ அதுக்குத்தான் கட்டணம். தளர்வா சுருட்டின பாய் 92-க்கு 15-க்கு 15, கணக்குக்கு நாலு கிலோவுக்கு மேல். இறுக்கிச் சுருட்டி 12-க்கு 12 ஆக்கினதும் 2.65 கிலோ ஆயிடுச்சு. செலவு 140-ல் இருந்து 95-க்கு இறங்கினது. அதுக்கு அடுத்த 30 நாளில் 75 கிளிக், 6 ஆர்டர்.

"ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தியிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்குமே?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. முடிஞ்சிருக்கும். ஆனா எது வேலை செஞ்சதுன்னு தெரியாம போயிருக்கும், அடுத்த பொருளுக்கு அந்தப் பாடம் உதவாது.

இந்தக் கணக்கு நம்மை ஏமாத்துற இடமும் மூணு இருக்கு.

ஒண்ணு, எண்ணிக்கை குறைவா இருக்கும்போது முடிவு கட்டுறது. 15 கிளிக் வந்து ஆர்டர் இல்லைன்னா பயப்பட வேண்டாம். நூறுக்கு 10 பேர் வாங்குற நல்ல பொருளுக்கே, அஞ்சு தடவையில் ஒரு தடவை 15 கிளிக் சும்மா போகும். 90 கிளிக்கில் ஒண்ணுதான் வந்ததுன்னா அது தற்செயல் இல்லை. வாசலைச் சோதிக்க ஆயிரம் இம்ப்ரெஷனாவது சேரட்டும். அதுவே சேரலைன்னா பொருள் யார் கண்ணிலும் படலைன்னு அர்த்தம், அது வேற வைத்தியம்.

ரெண்டு, நம்ம விரலே. குழுவில் 12 பேரும் தினமும் "ஆர்டர் வந்துச்சா"ன்னு வாங்குறவங்க பக்கத்தில் பொருளைத் திறந்து பார்த்தா, அதுவும் கிளிக்கா ஏறலாம். கிளிக் கூடி, ஆர்டர் குறைஞ்ச மாதிரி தெரியும். விற்பனையாளர் கணக்கில் மட்டும் பாருங்க.

மூணு, இருப்பு. சரக்கு தீர்ந்த நாளிலும் சிலர் பக்கத்துக்கு வருவாங்க, வாங்க முடியாது. அந்த நாட்களைக் கணக்கில் இருந்து கழிச்சிடணும்.

அந்தக் குழுவில் இப்ப தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, மாசத்தில் முதல் கூட்டத்தில் சேமிப்பும் உள்கடனும் எழுதி முடிச்சதும் இந்த மூணு எண்ணையும் ஒவ்வொரு பொருளுக்கும் எழுதுறாங்க. எந்தத் தேதியில் எதை மாத்தினாங்கன்னு பக்கத்திலேயே குறிச்சு வைக்கிறாங்க. விலையைக் குறைக்கணும்னு யாராவது சொன்னா, ஊக்குநர் அக்கா இப்ப முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புறாங்க. நீங்களும் அடுத்த கூட்டத்தில் உங்க நோட்டில் அந்தக் கோட்டைப் போடுங்க.